சராசரி 60, திட்ட விலக்கம் 12: எத்தனை பேர் ஃபெயில் ஆகியிருக்கலாம்?

தேர்வு முடிவுகள் வரும் சமயத்தில் பள்ளிகளில் ஒரு சிறிய அறிக்கை சுற்றுக்கு வரும். பாடத்துக்கு ஒரு வரி இருக்கும்: "கணிதம், 40 மாணவர்கள், சராசரி 60, திட்ட விலக்கம் 12." மதிப்பெண் பட்டியல் கூடவே வராது. படிக்கும் பெற்றோருக்கும் சரி, சில ஆசிரியர்களுக்கும் சரி, இதிலிருந்து என்ன புரிந்துகொள்வது என்ற குழப்பம் இருக்கும். சராசரி 60 என்றால் எல்லோரும் தேறியிருப்பார்கள் என்று ஒருவர் சொல்வார். சராசரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று இன்னொருவர் சொல்வார்.

இரண்டுமே சரியில்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல், 35-க்குக் கீழே அதிகபட்சம் எத்தனை பேர் இருக்க முடியும் என்று உறுதியாகச் சொல்லலாம். விடை 7. எட்டாவது ஆள் இருக்கவே முடியாது. இது ஊகமோ, "பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்" என்ற கணிப்போ கிடையாது. கூட்டல் பெருக்கல் கணக்கு. அது எப்படி வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை படிப்படியாகப் பார்க்கிறது. இதன் பின்னால் இருப்பது செபிஷெவ் சமனிலி என்ற பழைய முடிவு.

கணக்கு முழுவதும் ஒரே வகுப்பை வைத்து நடக்கும். 40 பேர், தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, மதிப்பெண்கள் முழு எண்கள், தேர்ச்சிக்கு 35. அதாவது 34-ம் அதற்குக் கீழும் ஃபெயில்.

## சராசரி மட்டும் தெரிந்தால்

முதலில் திட்ட விலக்கத்தை மறந்துவிடுவோம். சராசரி 60 என்று மட்டும் தெரியும்.

40 பேரின் மொத்த மதிப்பெண் 40 × 60 = 2400. எல்லோரும் 100 வாங்கியிருந்தால் 4000 வந்திருக்கும். ஆக, வகுப்பு மொத்தமாக இழந்தது 1600 மதிப்பெண். ஃபெயில் ஆன ஒவ்வொருவரும் குறைந்தது 66 மதிப்பெண்ணை இழந்திருக்கிறார். 1600-ஐ 66-ஆல் வகுத்தால் 24.2 வரும். எனவே ஃபெயில் ஆனவர்கள் 24 பேருக்கு மேல் இருக்க முடியாது.

24 பேர் என்பது நடக்கக்கூடியதா? நடக்கும். 24 பேர் ஆளுக்கு 34 எடுத்தால் 816 ஆகிறது. 2400-க்கு மீதி 1584. அதை 16 பேர் ஆளுக்கு 99 வீதம் எடுத்துவிட்டால் கணக்கு சரியாகப் பொருந்திவிடும். சராசரி 60 உள்ள வகுப்பில் பாதிக்கு மேல் ஃபெயில்! "சராசரி நன்றாக இருக்கிறது" என்ற வாக்கியம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சராசரியை மட்டும் வைத்து இப்படி வரம்பு கட்டும் முறைக்கு மார்க்கோவ் சமனிலி என்று பெயர். மார்க்கோவ் செபிஷெவின் மாணவர். பெயர் மாணவருடையதாக இருந்தாலும், ஆசிரியரின் வாதத்துக்குள்ளேயே இந்தப் படி இருந்தது. கீழே வரும் கணக்கும் இதே உத்திதான். இழந்த மதிப்பெண்ணை எண்ணுவதற்குப் பதிலாக வேறொன்றை எண்ணப்போகிறோம்.

## திட்ட விலக்கம் எதை அளக்கிறது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்திலேயே இது வருகிறது. ஆனாலும் சூத்திரம் நினைவிருந்து பொருள் மறந்துபோனவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

ஐந்து பேரின் மதிப்பெண்கள் 50, 55, 60, 65, 70 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 60. ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பது விலக்கம்: −10, −5, 0, 5, 10. இவற்றை அப்படியே கூட்டினால் எப்போதும் பூஜ்யம்தான் வரும். மேலே போனவர்களும் கீழே போனவர்களும் ஒருவரை ஒருவர் சமன் செய்துவிடுவார்கள். சராசரி என்பதே அப்படி அமைந்த புள்ளிதான். (இந்த விஷயம் பின்னால் ஓரிடத்தில் கைகொடுக்கும்.)

அதனால் விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம்: 100 + 25 + 0 + 25 + 100 = 250. இதை 5-ஆல் வகுத்தால் 50. இதுதான் விலக்க வர்க்கச் சராசரி. இதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 7.07, திட்ட விலக்கம். வர்க்கப்படுத்தியதால் மதிப்பெண்ணும் "மதிப்பெண் வர்க்கம்" ஆகிவிட்டது. மூலம் எடுத்து அதைப் பழைய அலகுக்கே கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

இப்போது 40, 60, 60, 60, 80 என்ற ஐந்து பேரை எடுத்துக்கொண்டால் சராசரி அதே 60. வர்க்கங்களின் கூட்டல் 800, திட்ட விலக்கம் சுமார் 12.6. மூன்று பேர் அச்சு அசலாகச் சராசரியிலேயே நிற்கிறார்கள். ஆனாலும் திட்ட விலக்கம் அதிகம். வர்க்கம் செய்யும் வேலை இது. தூரம் இரண்டு மடங்கானால் வர்க்கம் நான்கு மடங்கு. சராசரியிலிருந்து வெகுதூரம் போவது வர்க்கக் கணக்கில் மிகவும் "விலை உயர்ந்த" காரியம். அடுத்த வாதம் முழுக்க இந்த விலையின் மேல்தான் நிற்கிறது.

## 5760 ரூபாய் பட்ஜெட்

நம் வகுப்புக்கு வருவோம். திட்ட விலக்கம் 12 என்றால் விலக்க வர்க்கச் சராசரி 144. 40 பேருக்குமான மொத்தம் 40 × 144 = 5760.

இந்த 5760-ஐ வகுப்பின் மொத்தப் பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியிலிருந்து விலகும் ஒவ்வொரு மாணவரும் தன் விலக்கத்தின் வர்க்கத்தை இதிலிருந்து செலவழிக்கிறார். 60 எடுத்தவருக்குச் செலவே கிடையாது. 70 எடுத்தவருக்கு 100 ரூபாய். 34 எடுத்தவருக்கு 26 × 26 = 676 ரூபாய். 34-க்கும் கீழே போனவருக்கு அதைவிட அதிகம்.

1. ஃபெயில் ஆன ஒவ்வொருவரின் செலவும் குறைந்தது 676.
2. மொத்தப் பணம் 5760. யாருடைய செலவும் வர்க்கம் என்பதால் எதிர்ம எண்ணாக முடியாது. அதாவது யாரும் பணத்தைத் திருப்பித் தர முடியாது.
3. 5760 ÷ 676 = 8.52. எனவே இப்படிச் செலவழிப்பவர்கள் 8 பேருக்கு மேல் இருக்க முடியாது.

24 ஆக இருந்த வரம்பு 8-க்கு இறங்கிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு ஃபெயில் ஆனவர்களை மட்டும் எண்ணவில்லை. 86-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கும் அதே 676 செலவுதான். எனவே "34-ம் அதற்குக் கீழும், 86-ம் அதற்கு மேலும்" என்ற இரண்டு கூட்டத்தையும் சேர்த்துத்தான் 8 பேர்.

## பொது விதி

இங்கே 26 என்ற தூரத்தைத் திட்ட விலக்கத்தின் மடங்காகச் சொன்னால் விதி எளிமையாகிவிடும். சராசரியிலிருந்து k மடங்கு திட்ட விலக்கத் தூரத்திலோ அதைத் தாண்டியோ இருக்கும் ஒருவரின் செலவு குறைந்தது k²σ². வகுப்பில் n பேர் என்றால் மொத்தப் பணம் nσ². வகுத்தால் n/k². σ², அதாவது விலக்க வர்க்கச் சராசரி, இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடுகிறது. வகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் ஒருவரை எடுத்தால் அவர் அவ்வளவு தூரத்தில் இருப்பதற்கான நிகழ்தகவு என்று எழுதினால்:

P(|X − μ| ≥ kσ) ≤ 1/k²

X எடுத்த மதிப்பெண், μ சராசரி, σ திட்ட விலக்கம். இதுதான் செபிஷெவ் சமனிலி.

k = 2 என்றால் 1/4. நம் வகுப்பில் இரண்டு திட்ட விலக்கம் என்பது 24 மதிப்பெண். ஆகவே 36-ம் கீழும், 84-ம் மேலும் எடுத்தவர்கள் சேர்ந்து 10 பேருக்கு மேல் இல்லை. 37-இலிருந்து 83 வரை குறைந்தது 30 பேர் இருக்கிறார்கள். k = 3 என்றால் 1/9. 24-ம் கீழும், 96-ம் மேலும் அதிகபட்சம் 4 பேர். k ஒன்று அல்லது அதற்குக் கீழே என்றால் விதி "100 சதவீதத்துக்கு மேல் இல்லை" என்றுதான் சொல்லும். பொய் இல்லை, பயனும் இல்லை. 50-க்கும் 70-க்கும் நடுவில் எத்தனை பேர் என்று இந்த விதியிடம் கேட்டால் அது கையை விரித்துவிடும்.

## இதைவிட நெருக்கமான வரம்பு கிடைக்குமா?

"பத்துப் பேர் வரை என்பது அதிகம், நிஜத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்" என்று தோன்றும். பெரும்பாலான வகுப்புகளில் அது உண்மைதான். ஆனால் சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் தெரிந்த நிலையில் 10-ஐ 9 ஆக்க முடியாது. காரணம், 10 பேர் உள்ள வகுப்பை நாமே உருவாக்கிவிடலாம்:

- 5 பேர் 36 மதிப்பெண்
- 30 பேர் 60 மதிப்பெண்
- 5 பேர் 84 மதிப்பெண்

சராசரி 60. வர்க்கங்களின் கூட்டல் 10 × 576 = 5760. திட்ட விலக்கம் மிகச் சரியாக 12. பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை. நடுவில் இருப்பவர்கள் எதுவும் செலவழிக்கவில்லை. வெளியே போனவர்கள் எல்லைக்கோட்டைத் தொட்டதோடு நின்றுவிட்டார்கள். செபிஷெவ் வரம்பு முழுமையாக எட்டப்படுவது இந்த மாதிரி அமைப்பில்தான்.

இப்படி ஒரு வகுப்பு எங்கே இருக்கும் என்று கேட்கலாம். அச்சாக இதே வடிவில் இருக்காது. ஆனால் நடுத்தரமான பெரிய கூட்டமும், அதற்கு இருபுறமும் தனித்து நிற்கும் சிறு கூட்டங்களும் பள்ளியில் அபூர்வம் இல்லை. தமிழ் வழியில் படித்துவிட்டுப் பாதியில் ஆங்கில வழிக்கு மாறிய ஐந்தாறு பேர், தனிப் பயிற்சிக்குப் போகும் ஐந்தாறு பேர், மற்றவர்கள் என்று ஒரே அறைக்குள் மூன்று வகுப்புகள் இருக்கும் இடங்களை ஆசிரியர்கள் அறிவார்கள்.

## எட்டு எப்படி ஏழாகிறது

நமக்குத் தேவை ஃபெயில் பக்கம் மட்டும். 8 என்ற வரம்பு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் இன்னும் இறுக்கலாம். முன்பு சொன்ன "விலக்கங்களின் கூட்டல் பூஜ்யம்" இங்கேதான் வேலைக்கு வருகிறது.

எட்டுப் பேர் ஃபெயில் என்று வைத்துப் பார்ப்போம்.

1. எட்டுப் பேரும் ஆளுக்குக் குறைந்தது 26 மதிப்பெண் கீழே இருக்கிறார்கள். மொத்தப் பள்ளம் 8 × 26 = 208.
2. இந்தப் பள்ளத்தை மீதி 32 பேர் நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் சராசரி 60 வராது. அதாவது அவர்கள் சேர்ந்து சராசரிக்கு மேலே 208 மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும்.
3. மேலே போவதற்கும் செலவு உண்டு. மிகக் குறைந்த செலவில் 208-ஐ நிரப்பும் வழி, 32 பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது: ஆளுக்கு 6.5. அதன் வர்க்கம் 42.25. 32 பேருக்கு 1352.
4. ஃபெயில் ஆனவர்களின் செலவு 8 × 676 = 5408. இரண்டும் சேர்ந்து 6760.

கையில் இருப்பது 5760. ஆயிரம் ரூபாய் இடிக்கிறது. எட்டுப் பேர் ஃபெயில் ஆவது நடக்காது. சிலர் 34-க்கும் கீழே போயிருந்தால் பள்ளமும் செலவும் இன்னும் கூடும், குறையாது.

ஏழு பேர்? பள்ளம் 182. மீதி 33 பேர் அதை நிரப்ப ஆகும் குறைந்தபட்சச் செலவு 182² ÷ 33, ஏறத்தாழ 1004. ஃபெயில் செலவு 4732. மொத்தம் 5736. பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது, 24 ரூபாய் மிச்சத்தோடு. இது காகிதக் கணக்கு மட்டும்தானா, முழு எண் மதிப்பெண்களில் இப்படி ஒரு வகுப்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு, இதோ:

| மதிப்பெண் | எத்தனை பேர் | விலக்க வர்க்கம் | மொத்தம் |
|---|---|---|---|
| 34 | 7 | 676 | 4732 |
| 64 | 2 | 16 | 32 |
| 65 | 16 | 25 | 400 |
| 66 | 13 | 36 | 468 |
| 68 | 2 | 64 | 128 |

ஆட்கள் 40, மதிப்பெண் மொத்தம் 2400, கடைசி நெடுவரிசையின் மொத்தம் 5760. சராசரி 60, திட்ட விலக்கம் 12, ஃபெயில் 7. ஆக 7 என்பதுதான் மிகச் சரியான வரம்பு. எட்டு முடியாது, ஏழு முடியும்.

இந்த ஒருபக்கக் கணக்கைச் சூத்திரமாக எழுதினால் 1/k² என்ற இடத்தில் 1/(1 + k²) வரும். இத்தாலியக் கணிதவியலாளர் கான்டெல்லியின் பெயரால் இதைச் சொல்வார்கள். k பெரிதாக இருக்கும்போது இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. k சிறியதாக இருக்கும்போதுதான் பயன் தெரியும். k = 1 என்றால் செபிஷெவ் வாய் திறக்காது. கான்டெல்லி "பாதிப் பேருக்கு மேல் இல்லை" என்கிறது. நம் வகுப்பில் 48-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 20 பேருக்கு மேல் இருக்க முடியாது என்று அதற்குப் பொருள்.

## மணி வடிவ வளைவு சொல்வது வேறு

கொஞ்சம் புள்ளியியல் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில், அதாவது மணி வடிவ வளைவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு வெளியே 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இருப்பார்கள். 40 பேரில் இரண்டு பேர். 35-க்குக் கீழே என்று கணக்கிட்டால் சராசரியாக 0.7 பேர், அதாவது ஒருவர் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

ஒரு பக்கம் 7, இன்னொரு பக்கம் 0.7. பத்து மடங்கு வித்தியாசம். இரண்டில் எது சரி என்று கேட்பதே பொருத்தமில்லை, ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்கின்றன. மணி வளைவு "வழக்கமாக எத்தனை பேர்" என்று சொல்கிறது. அதற்கு வளைவின் வடிவம் பற்றிய ஒரு அனுமானம் தேவை. செபிஷெவ் "எவ்வளவு மோசமாக இருந்தாலும் எத்தனை பேருக்கு மேல் போகாது" என்று சொல்கிறது. அதற்கு வடிவம் பற்றி எதுவுமே தெரிய வேண்டாம்.

வகுப்பறை மதிப்பெண்ணுக்கு மணி வளைவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 35-க்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறையும் விடைத்தாளை இன்னொரு முறை புரட்டிப் பார்த்து 35 ஆக்கும் பழக்கம் திருத்துபவர்களிடம் உண்டு. அப்படிச் செய்யும்போது 33, 34 காலியாகி 35-இல் ஒரு குவியல் எழும். எந்த வளைவும் அதைச் சொல்லாது. சமனிலியோ அந்தக் குவியலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

## வகுப்பிலிருந்து மாவட்டத்துக்கு

ஒரு வகுப்போடு நின்றிருந்தால் இந்தச் சமனிலிக்கு இவ்வளவு பெயர் வந்திருக்காது. இதன் உண்மையான வேலை, குலுக்கலில் எடுத்த சிலரின் சராசரியை வைத்து எல்லோருடைய சராசரியையும் மதிப்பிடுவதில் இருக்கிறது.

ஒரு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான விடைத்தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் திருத்துவதற்கு முன்பே மாவட்டச் சராசரியைத் தோராயமாக அறிய வேண்டும். குலுக்கல் முறையில் 100 விடைத்தாள்களை எடுத்துத் திருத்தி அவற்றின் சராசரியைப் பார்க்கிறோம். தனித்தனி மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் 12 என்றால், 100 தாள்களின் சராசரிக்குத் திட்ட விலக்கம் 12 ÷ √100 = 1.2. இதைச் செபிஷெவில் போட்டால், நம் சராசரி உண்மையான மாவட்டச் சராசரியிலிருந்து 3 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ தவறியிருக்க வாய்ப்பு (1.2 ÷ 3)², அதாவது 16 சதவீதத்துக்கு மேல் இல்லை. 400 தாள்களை எடுத்தால் திட்ட விலக்கம் 0.6 ஆகும், வாய்ப்பு 4 சதவீதத்துக்குள் வந்துவிடும். தாள்கள் நான்கு மடங்கானால் வாய்ப்பின் வரம்பு நான்கில் ஒரு பங்கு. தாள்களைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த வரம்பைப் பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். பெரும எண்களின் விதி என்று சொல்லப்படுவது இதுதான். நிரூபணம் இரண்டே வரியில் முடிந்துவிட்டது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ரஷ்யக் கணிதவியலாளர் பஃப்னூட்டி செபிஷெவ் 1867-இல் சராசரி அளவுகள் பற்றி எழுதிய கட்டுரையின் நோக்கமும் இந்த விதிதான். ஆனால் சமனிலியை முதலில் எழுதியவர் அவர் இல்லை. பிரெஞ்சு நிதித் துறையில் அதிகாரியாக இருந்த பியனேமே 1853-லேயே எழுதிவிட்டார். செபிஷெவின் கட்டுரை வந்த அதே 1867-இல், அதே பாரிஸ் கணித இதழில் பியனேமேயின் பழைய கட்டுரையும் மறுபடி அச்சானது. செபிஷெவும் பிற்பாடு அவருக்கு உரிய இடத்தைக் கொடுத்தார். ஆனாலும் பெயர் செபிஷெவ் பக்கமே நின்றுவிட்டது. சில புத்தகங்களில் மட்டும் இரண்டு பெயரும் சேர்ந்து வரும்.

## கணக்கு எங்கே தவறிப்போகும்

சமனிலி தவறாது. அதற்குள் போடும் எண்கள் தவறலாம். நடைமுறையில் அடிக்கடி வரும் சிக்கல்கள் மூன்று.

1. எந்தத் திட்ட விலக்கம்? எக்செலில் இரண்டு உண்டு. `=STDEV.P(B2:B41)` என்பது 40-ஆல் வகுக்கும். `=STDEV.S(B2:B41)` என்பது 39-ஆல் வகுக்கும். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்று நினைத்துச் செய்யும் கணக்கு இரண்டாவது. நாம் கையில் உள்ள இதே வகுப்பைப் பற்றிப் பேசுவதால் முதலாவதுதான் பொருந்தும். வித்தியாசம் அற்பம் என்று விட்டுவிட முடியாது. அறிக்கையில் உள்ள 12 இரண்டாவது வகை என்றால் பட்ஜெட் 39 × 144 = 5616 ஆகக் குறைகிறது. ஏழு பேருக்குத் தேவை 5736. பணம் போதாது, வரம்பு 6 ஆகிவிடும். முழு எண்ணாக்கிப் போட்டதால் வரும் பிழை இந்த அளவுக்குப் பாதிக்காது. உண்மையான சராசரி 59.5 வரை இறங்கி, திட்ட விலக்கம் 12.5 வரை ஏறினாலும் எட்டாவது ஆளுக்கு இடம் கிடைக்காது. போட்டுப் பார்க்கலாம்.

2. யாருடைய சராசரி? போன வருடத்து வகுப்பின் 60-ஐயும் 12-ஐயும் வைத்து இந்த வருடம் ஃபெயில் 7 பேருக்கு மேல் போகாது என்று சொல்வது மிகவும் பரவலான தவறு. பட்ஜெட் அந்த 40 பேருக்கு உரியது. புது வகுப்புக்குப் புதுப் பணம். போன வருட எண்களை வைத்து எதிர்காலத்தைப் பேச வேண்டுமானால் அதற்கு வேறு கணக்கு இருக்கிறது, வரம்பும் தளர்வாக இருக்கும்.

3. தேர்வுக்கு வராதவர். இதுதான் மிகவும் சுவாரசியமானது. வராதவர்களுக்குப் பட்டியலில் 0 போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த 0 சராசரிக் கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்று அறிக்கை சொல்லாது.

நம் வகுப்பில் ஒருவருக்கு 0 சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒருவரே 60² = 3600 ரூபாய் செலவழித்துவிட்டார். மீதி 39 பேருக்கும் சேர்த்து மிச்சம் 2160. அவர்களில் மூன்று பேர் ஃபெயில் என்றால் 2028 போய்விடும். அதற்கு மேல் 60 + 78 = 138 மதிப்பெண் பள்ளத்தை 36 பேர் நிரப்ப 529 ரூபாய் வேண்டும். மொத்தம் 2557, கட்டாது. இரண்டு பேர் என்றால் 1352 + 339 = 1691, கட்டும். ஆகவே வராத அந்த ஒருவரையும் சேர்த்து அதிகபட்சம் 3 பேர்தான் 35-க்குக் கீழே. ஏழு பேருக்கான இடத்தில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைப் பூஜ்யமே விழுங்கிவிட்டது. மற்றவர்களின் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி நெருக்கமாக இருந்தும் திட்ட விலக்கம் 12 என்று பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அவர்தான்.

இரண்டு பேர் வரவில்லை, இருவருக்கும் 0 போட்டுச் சேர்த்திருக்கிறோம், சராசரி 60, திட்ட விலக்கம் 12 என்று ஒரு அறிக்கை வந்தால்? இரண்டு பூஜ்யத்துக்கு 7200 வேண்டும். கையில் 5760-தான். அவர்கள் விட்ட 120 மதிப்பெண் பள்ளத்தை மீதி 38 பேர் நிரப்பும் செலவையும் சேர்த்தால் திட்ட விலக்கம் 13.7-க்குக் கீழே வரவே வராது. மதிப்பெண் பட்டியலைக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பூஜ்யங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை, அல்லது அச்சான எண்களில் ஏதோ ஒன்று தவறு.